அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர் வந்தால் வேலை முடிந்ததா?

"ரிட்டர்ன் போட்டாச்சு சார். அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர் வந்துடுச்சு. நீங்க கிளம்பலாம்." வருமான வரிக் கணக்குக் காலத்தில் கள்ளக்குறிச்சியின் பிரவுசிங் சென்டர்களில் இதைச் சொல்லித்தான் ஆளை அனுப்புகிறார்கள். கேட்டவரும் நிம்மதியாகக் கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் பஸ் ஏறிவிடுகிறார். கணக்கைப் பதிவேற்றி நம்பர் வாங்கிவிட்டால் கடமை முடிந்தது, வெரிஃபை செய்வது வெறும் சம்பிரதாயம், அதை என்றைக்கு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பது இங்கே பரவலான நம்பிக்கை. அதன் ஒவ்வொரு பகுதியும் தவறு.

முதலில் அந்த நம்பர். கணக்கை அனுப்பியதும் நம்பர் வருவது உண்மைதான். ஆனால் அப்போது கிடைக்கும் தாளின் பெயர் ITR-V. விவரம் அனுப்பப்பட்டது, இன்னும் வெரிஃபை ஆகவில்லை என்று அதன் தலைப்பிலேயே அச்சாகியிருக்கும். வெரிஃபை ஆன பிறகு கிடைக்கும் தாள் வேறு; அதன் தலைப்பு Indian Income Tax Return Acknowledgement. நம்பர் இரண்டிலும் இருக்கும் என்பதால்தான் குழப்பம் வருகிறது. நம்பரைப் பார்க்காமல் தலைப்பைப் பார்த்தால் கையில் இருப்பது எது என்று உடனே தெரிந்துவிடும். வெரிஃபை ஆகாத கணக்கைப் பெங்களூரில் உள்ள வருமான வரித் துறை மையம் பரிசீலனைக்கே எடுப்பதில்லை.

அடுத்தது, "எப்போது வெரிஃபை செய்தாலும் போட்ட தேதிதான் கணக்கு" என்ற வாதம். இதை நம்பிப் பணத்தை இழப்பவர்கள்தான் அதிகம். ஒருகாலத்தில் 120 நாள் அவகாசம் இருந்தது. 2022 ஆகஸ்ட் 1 முதல் அது 30 நாளாகச் சுருங்கியது. 2024 மார்ச் 31 தேதியிட்ட அறிவிக்கை விதியை மேலும் தெளிவாகச் சொல்கிறது: பதிவேற்றிய நாளிலிருந்து 30 நாளுக்குள் வெரிஃபை செய்தால், பதிவேற்றிய தேதியே கணக்குத் தாக்கல் செய்த தேதி. 30 நாள் தாண்டிவிட்டால், வெரிஃபை செய்த தேதிதான் தாக்கல் தேதி. தாமதத்துக்கு உண்டான எல்லா விளைவுகளும் அதோடு வந்து சேரும்.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். வெள்ளிமலைப் பக்கம் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஓர் ஆசிரியை. (பழங்குடியினருக்கு வருமான வரியே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அந்த விலக்கு வடகிழக்கின் குறிப்பிட்ட பகுதிகளுக்கும் லடாக்குக்கும் மட்டும்தான். கல்வராயன் மலைக்கு இல்லை.) 2024-25 நிதியாண்டில் அவர் சம்பளம் 9,60,000 ரூபாய். வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், 80சி சேமிப்பு 1.5 லட்சம், நிலைக் கழிவு 50,000. இவற்றைக் கழித்தால் பழைய முறையில் வரிக்கு உரிய வருமானம் 5,60,000. அதற்கு வரி, செஸ் சேர்த்து 25,480. அந்தத் தொகையைச் சம்பளத்திலேயே பிடித்துவிட்டார்கள். பாக்கி எதுவும் இல்லை.

அந்த ஆண்டுக்கான கடைசி நாள் நீட்டிக்கப்பட்டு, முடிவில் 2025 செப்டம்பர் 16 ஆனது. அன்றைக்கே கணக்கைப் பதிவேற்றினார். ஆனால் ஓ.டி.பி. வரவில்லை. "அப்புறம் பார்த்துக்கலாம் டீச்சர்" என்றார்கள். அக்டோபர் 16-க்குள் முடித்திருக்க வேண்டியதை அக்டோபர் 25-ல் முடித்தார். விதிப்படி அவர் கணக்குத் தாக்கல் செய்த நாள் அக்டோபர் 25. அது தாமதக் கணக்கு. சம்பளக்காரர் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் கடைசி நாளுக்குள் தாக்கல் செய்யும் கணக்கில்தான் முடியும். தாமதக் கணக்கில் புதிய முறை தானாகப் பொருந்திவிடும். புதிய முறையில் நிலைக் கழிவு 75,000 போக மீதி 8,85,000. வரி 40,040. ஆக 14,560 ரூபாய் கூடுதல். தாமதக் கட்டணம் 5,000. மொத்தம் 19,560, வட்டி தனி. ஒரு ரூபாய்கூட மறைக்காதவருக்கு, ஒன்பது நாள் பிந்தியதற்கு இந்தச் சுமை.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜூன், ஜூலையிலேயே கணக்குப் போட்டவர் 30 நாளைத் தவறவிட்டாலும், கடைசி நாளுக்குள் வெரிஃபை செய்துவிட்டால் அவருக்கு நஷ்டம் இல்லை. தாக்கல் தேதி தள்ளிப்போனாலும் அது கெடுவுக்குள்தான் இருக்கிறது. கடைசி நேரத்தில் போடுகிறவருக்குத்தான் ஆபத்து.

"எனக்குக் கட்ட வேண்டிய வரியே இல்லை, ரீஃபண்டுதான் வரணும். வெரிஃபை செய்யாவிட்டால் என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. மலைச் சாலைக்குத் தடுப்புச் சுவர் கட்டும் சிறு ஒப்பந்ததாரரை எடுத்துக்கொள்ளுங்கள். 12 லட்ச ரூபாய் பில்லில் 1 சதவீதம், 12,000 ரூபாய் டி.டி.எஸ். பிடித்திருக்கிறார்கள். எட்டு சதவீத லாபக் கணக்கில் அவர் வருமானம் 96,000. வரி பூஜ்யம். 12,000 ரூபாயும் அவருக்கே திரும்ப வேண்டும். ஆனால் வெரிஃபை ஆகாத கணக்குக்கு ரீஃபண்ட் கிடையாது. டிசம்பர் 31 வரைக்கும் தாமதக் கணக்காகப் போட்டு மீட்டுக்கொள்ளலாம். அதையும் விட்டுவிட்டால், பிறகு போடும் ITR-U எனப்படும் புதுப்பித்த கணக்கில் ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் துறைக்கு மனுப் போடுவது ஒன்றே வழி. தளத்தில் Condonation Request என்ற இடத்தில் காரணம் எழுதி அனுப்பலாம். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. வெரிஃபை செய்யச் செலவாகும் சில நிமிடத்தை மிச்சம் பிடித்து, மாதக்கணக்கில் காத்திருப்பது யாருக்கு லாபம்?

"மலையில் டவர் இல்லை, என்ன செய்வது" என்பதை நான் சாக்கு என்று தள்ளமாட்டேன். கல்வராயன் மலையில் பல ஊர்களுக்கு அது தினசரிப் பாடு. ஆனால் வெரிஃபை செய்ய மலையில் டவர் தேவையில்லை. ஆதாரோடு இணைந்த சிம் இருக்கும் போனோடு கீழே இறங்கினால் போதும். சிக்கல் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. தளத்தில் கடைக்காரர் தன் நம்பரைக் கொடுத்திருப்பார், ஆதார் ஓ.டி.பி.யோ ஆதாரில் உள்ள நம்பருக்குத்தான் போகும். அது பழைய சிம்மாக இருந்தால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வராது. அப்போது முன்கூட்டிச் சரிபார்த்த வங்கிக் கணக்கின் வழியாகவோ நெட் பேங்கிங் வழியாகவோ முடிக்கலாம். வங்கி வழியில் வரும் இ.வி.சி. குறியீடு 72 மணி நேரம் செல்லும். முகப்புப் பக்கத்தில் உள்ள e-Verify Return என்ற இடத்தில் பான், ஆண்டு, அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர் கொடுத்தால் லாகின் செய்யாமலேயே முடிக்கலாம். பாஸ்வேர்டு கடைக்காரரிடம் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்.

தபாலில் கையெழுத்துப் போட்ட ITR-V அனுப்புவதும் செல்லும். ஆனால் 2024 அறிவிக்கைப்படி, அனுப்பிய நாள் கணக்கில் வராது. பெங்களூர் மையத்துக்கு வந்து சேர்ந்த நாள்தான் பார்க்கப்படும். 28-வது நாளில் வெள்ளிமலையில் தபாலில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

சென்டர் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆள் கடையில் இருக்கும்போதே ஓ.டி.பி. வாங்கி வெரிஃபை செய்துவிட்டு, தலைப்பில் Acknowledgement என்று இருக்கும் தாளை மட்டும் கையில் கொடுங்கள். கணக்குப் போடக் கொடுப்பவர்களும் அந்தத் தாளை வாங்காமல் கூலியைக் கொடுக்காதீர்கள்.