நாற்பது நாளை எங்க ஒளிச்சு வச்சீங்க?

உள்துறைமுக வீதிப் பக்கம் எழும்புற ஒரு மாடிக் கட்டிடத்துக்கு டைம்-லாப்ஸ் வீடியோ ஸ்கிரிப்ட் எழுதும் வேலை வந்தது. கையில் தந்தது பொறியியலாளரின் முன்னேற்ற அறிக்கை. அதை வீடு வாங்கிற சனத்துக்கு விளங்கிற மாதிரி ஒரு நிமிஷமாக்க வேணும். அறிக்கையில் இப்படி இருந்தது: அத்திவாரக் குழியில் மழைத்தண்ணி, 15 நாள் வேலையில்லை. பிறகு கம்பி வரத் தாமதம், 25 நாள். "அதை எடுத்துப்போடுங்க தம்பி, வாங்கிற ஆக்கள் பயந்திடுவினம்" எண்டார்கள்.

இது எடிட்டிங் இல்லை, பொய். கணக்கைப் பாருங்கள். கமரா பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்குது. பத்து மணித்தியால வேலைநாளுக்கு 60 படம். செக்கனுக்கு 30 படம் ஓடினால் ஒரு நாள் 2 செக்கன். 300 நாள் 10 நிமிஷம். அதை ஒரு நிமிஷமாக்க எல்லா நாளிலும் பத்துக்கு ஒரு படம் எடுத்தால் போதும். அப்போ அந்த 40 நாளுக்கு 8 செக்கன் கிடைக்கும். அதற்கு நான் எழுதிய வரி இதுதான்: "மழையாலும் கம்பித் தாமதத்தாலும் 40 நாள் வேலை நிண்டது. கையளிக்கும் திகதி அவ்வளவு தள்ளிப்போகுது." இந்த 8 செக்கனைத்தான் வெட்டச் சொன்னார்கள். தவணைக் காசும் வீட்டு வாடகையும் சேர்த்துக் கட்டுற குடும்பத்துக்கு வீடியோவிலேயே முக்கியமான வரி அதுதான்.

இன்னொன்று, கமரா வெளியில நிக்குது. தூணும் தட்டும் எழும்புறது தெரியும். கொங்கிரீட்டின் பலம் தெரியாது. அது 150 மில்லிமீற்றர் கட்டிகளாக வார்த்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பார்க்கும் சோதனையில்தான் தெரியும். முடிவு அறிக்கையின் பின்னிணைப்பில் கிடக்கும். ஸ்கிரிப்டுக்கு வராது. சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடமும் வெளிப்பார்வைக்கு ஒழுங்காத்தான் எழும்பினது. 2014 ஜூன் 28 இடிஞ்சு விழுந்து 61 பேர் செத்தார்கள். அதை டைம்-லாப்ஸ் எடுத்திருந்தாலும் முதல் நாள் வரைக்கும் அழகாத்தான் இருந்திருக்கும்.

"விளம்பரம்தானே, அறிக்கை இல்லையே" எண்டு சொல்லலாம். ஆனால் அடுத்த தவணையைக் கேட்கும்போது இந்த வீடியோவைத்தானே அனுப்புறீங்க? காசு வாங்க அத்தாட்சியாக் காட்டினால் அது அறிக்கைதான்.

வாங்கப்போறவர்களுக்கு ஒன்று. மூலையில் திகதி ஓடாத வீடியோவை நம்பாதீங்க. திகதி இல்லாவிட்டால் நிலத்தைப் பாருங்க. திருமலையில் ஆகஸ்ட் மாதம் புல்லு காஞ்சு மஞ்சளாக் கிடக்கும். அடுத்த செக்கனே பச்சையா நிண்டால் நடுவில் மாரி தொடங்கின மாதங்களை வெட்டியிருக்கிறார்கள். அந்த மாதங்களில் என்ன நடந்தது எண்டு கேளுங்க. கட்டிச் சோதனை முடிவையும் சேர்த்துக் கேளுங்க.

நான் அந்த 8 செக்கனை வெட்டாமல் ஸ்கிரிப்டைக் கொடுத்தேன். வேறு ஆளைப் பிடிச்சிட்டார்கள்.