காலைத் தூக்கும் முன் மூச்சைப் பாருங்கள்

முதலுதவி வகுப்பில் "எதிரே ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "படுக்க வைத்துக் காலைத் தூக்குவோம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். படுக்க வைப்பதும் சரி, காலைத் தூக்குவதும் சரி. ஆனால் இரண்டுக்கும் நடுவே மூச்சைப் பார்க்கும் படி விடுபட்டுப்போகிறது. விழுந்தவருக்கு வந்தது சாதாரண மயக்கமா, இதயம் நின்றுபோனதா என்பது அந்தப் படியில்தான் தெரியவரும். பயிற்சி தருகிற நாம் அதை வரிசையில் உரிய இடத்தில் வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

நம்மில் பலரும் பணியாற்றுகிற இரத்ததான முகாமையே எடுத்துக்கொள்வோம். பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் காலையில் சாப்பிடாமல் வந்து 350 மில்லி கொடுக்கிறார். ஐந்து நிமிடத்தில் எழுந்துபோய் பிஸ்கட் மேஜை அருகே நிற்கிறார். முகம் வெளுக்கிறது, நெற்றி வியர்க்கிறது, கொட்டாவி விடுகிறார். "கண்ணை இருட்டிக்கிட்டு வருது" என்று சொல்லும்போதே சரிகிறார். தன்னார்வலர்கள் இருவர் ஓடிவந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். தலை தொங்குகிறது, கைகள் வெட்டுகின்றன. யாரோ சாவிக்கொத்தை நீட்டுகிறார்கள், இன்னொருவர் வாயில் தண்ணீர் ஊற்றப் பார்க்கிறார்.

இங்கே நடந்தது இதுதான். அந்த மாணவருக்கு இதயத்துடிப்பு திடீரெனக் குறைந்தது. இரத்தக் குழாய்களும் தளர்ந்தன. நிற்கும்போதே அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் உடலின் கீழ்ப்பகுதிக்கு இறங்கியிருக்கும். தளர்ந்த குழாய்களில் அது அங்கேயே தேங்கியதால் மூளைக்குப் போதிய இரத்தம் போகவில்லை. சில விநாடிகள் அப்படி இருந்தாலே நினைவு தப்பிவிடும். தரையில் விழுந்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்தன. அப்படியே விட்டிருந்தால் இரத்தம் தானாகத் திரும்பியிருக்கும். நிமிர்த்தி உட்கார வைத்ததால் அது தடைபட்டது, மயக்கம் நீண்டது, வெட்டலும் கூடியது. மயங்கியவரைத் தூக்கி உட்கார வைப்பது அவருக்குத் தீங்கு என்பதை முகாமில் நிற்கும் ஒவ்வொரு தன்னார்வலருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

செவிலியர் வந்து அவரை மல்லாக்கப் படுக்க வைக்கிறார். தோளைத் தட்டிக் கூப்பிடுகிறார். பதில் இல்லை. ஒரு கையை நெற்றியில் வைத்து, மறுகையின் இரண்டு விரல்களால் மோவாயை உயர்த்தி மூச்சுப்பாதையைத் திறக்கிறார். கன்னத்தை வாயருகே கொண்டுபோய், கண்ணை நெஞ்சின் மேல் வைத்துப் பத்து விநாடி பார்க்கிறார். நெஞ்சு சீராக இரண்டு, மூன்று முறை ஏறி இறங்குகிறது. மூச்சு இயல்பாக இருக்கிறது என்று உறுதியான பிறகே கால்களைத் தூக்கி நாற்காலியின் மேல் வைக்கிறார். குதிகால் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்ந்தால் ஏறத்தாழ 30 பாகை கிடைத்துவிடும். அதற்கு மேல் தூக்கத் தேவையில்லை. இருபது விநாடியில் மாணவர் கண் திறந்து, "என்ன ஆச்சு?" என்று தெளிவாகக் கேட்கிறார்.

இதில் பெரும்பங்கு வேலையைச் செய்தது படுக்க வைத்ததுதான். காலைத் தூக்குவதால் கிடைக்கும் கூடுதல் இரத்த ஓட்டம் சில நிமிடங்களுக்கே நிற்கும். ஆகவே கண் விழித்ததும் எழுப்பிவிடக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருக்கட்டும். பிறகு உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லையென்றால் நிற்கலாம். நன்றாக விழித்து, தானே விழுங்க முடிந்த பிறகே தண்ணீர் தர வேண்டும். தலையிலோ முதுகிலோ இடுப்பிலோ காலிலோ அடிபட்டிருந்தால் காலைத் தூக்கக் கூடாது. மாதம் ஏறிய கர்ப்பிணியை மல்லாக்கக் கிடத்தாமல் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தும்.

அதே முகாமின் வாசலில் ஐம்பத்தைந்து வயது ஓட்டுநர் ஒருவர் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வியர்வையோ தலைசுற்றலோ எதுவும் முன்னால் இல்லை. பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று சாய்ந்தார். கைகள் சில விநாடி வெட்டின. பிறகு குறட்டை போன்ற சத்தத்தோடு வாய் திறந்து ஒரு இழுப்பு, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு இழுப்பு. சுற்றி நிற்பவர்கள் "மூச்சு இருக்கு, வலிப்புதான்" என்கிறார்கள். யாரோ காலைத் தூக்குகிறார்கள்.

இது மூச்சல்ல. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கும் வருகிற திணறல். பத்து விநாடி பார்க்கச் சொல்வதே இதைப் பிரித்தறியத்தான். ஒரே ஒரு இழுப்பைக் கண்டு திருப்தியடைந்துவிடாமல், அடுத்தடுத்து சீராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மூச்சு இல்லை என்றே கொள்ள வேண்டும். மணிக்கட்டில் நாடி தேடி நேரம் போக்க வேண்டாம். சாதாரண மயக்கத்திலும் அது மெலிந்து கைக்கு அகப்படாமல் போகும். பயிற்சி பெற்ற செவிலியர் கழுத்து நாடியை அதே பத்து விநாடிக்குள் மூச்சோடு சேர்த்துப் பார்க்கலாம். இந்த ஓட்டுநருக்குத் தேவை 108-க்கு அழைப்பும் உடனடி நெஞ்சு அழுத்தமும். நெஞ்சின் நடுவில், ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் மூன்று நிமிடத்தில் எவ்வளவு கைநழுவும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

மூச்சு இயல்பாக இருந்தும் ஒரு நிமிடத்துக்குள் நினைவு திரும்பாவிட்டால் 108-ஐ அழைத்துவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். நினைவு திரும்பினாலும் சிலரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஓடும்போதோ விளையாடும்போதோ விழுந்தவர், படுத்திருக்கும்போதே மயங்கியவர், நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல் உள்ளவர், வாய் கோணியவர், பேச்சு குழறுபவர், கைகால் இழுத்துக்கொண்டவர், விழுந்ததில் பலமாக அடிபட்டவர் ஆகியோருக்கு ஆம்புலன்ஸ் வேண்டும். வெட்டல் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்து, விழித்த பிறகும் குழப்பம் தெளியாவிட்டால் அது வலிப்பாக இருக்கலாம். அவருக்கும் ஆம்புலன்ஸ் தேவை.

அழைக்கும்போது "மயங்கி விழுந்துட்டாரு" என்பதோடு நிறுத்தினால் எதிர்முனையில் இருப்பவருக்கு அவசரம் புரியாது. "கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சரியாக இல்லை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். பிறகு இடத்தையும் அடையாளத்தையும் சொல்லி, கைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு அருகில் வைத்துவிட்டால் கைகள் வேலைக்குக் கிடைக்கும்.

பயிற்சியாளர்களிடம் ஒரே ஒரு மாற்றம் கேட்கிறோம். செய்முறைத் தேர்வில் காலைத் தூக்க மாணவர் கை நீட்டுமுன், பத்து விநாடியை வாய்விட்டு எண்ணி, "மூச்சு இயல்பு" என்றோ "இயல்பல்ல" என்றோ உரக்கச் சொல்லட்டும். மாணவர் தவறாமல் பார்த்தாரா என்பது உங்களுக்கும் தெரியும். சீரான மூச்சும் திணறலும் மாறிமாறி வரும் காணொளிகளைக் காட்டிப் பிரித்தறியப் பழக்குங்கள். அந்த அறிவிப்பைச் சொல்லாமல் காலைத் தொட்டவருக்கு அந்தச் செய்முறையில் தேர்ச்சி தர வேண்டாம்.