பித்தளை விளக்கும் பிறர் எடுத்த படமும்

தில்லி கரோல்பாகிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியுள்ள கடிதத்தையே இத்திங்கள் எடுத்துக்கொள்கிறோம். அவர் மொராதாபாத்திலிருந்து பித்தளை விளக்குகளைத் தருவித்து, இணையச் சந்தையொன்றில் விற்று வருகிறார். மொத்த வியாபாரி வாட்ஸாப்பில் அனுப்பிய படங்களையே தம் பக்கத்தில் ஏற்றியிருந்தார். வேறோர் உற்பத்தியாளர் "அப்படம் எம்முடையது" என்று முறையிடவே, விளக்கின் பக்கம் நீக்கப்பட்டுவிட்டது. "சரக்கை விலை கொடுத்து வாங்கியவள் நான்; அதன் படத்தைக் காட்ட எனக்கு உரிமை இல்லையா?" என்று வினவுகிறார்.

இல்லை என்பதே விடை. சரக்கு வேறு, அதன் படம் வேறு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படமும் ஒரு கலைப்படைப்பாகும். எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும் அதற்கு உரிமை உண்டு. பொதுவாகப் படம் எடுத்தவரே உரிமையாளர். ஆனால் ஒருவர் கூலி கொடுத்து எடுக்கச் செய்த படமாயின், வேறு உடன்பாடு இல்லாதவரை, கூலி கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று 17-ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே பட்டறைக்காரர் ஸ்டூடியோவுக்குப் பணம் கொடுத்து எடுத்த படம் பட்டறைக்காரருடையது. இடையில் நிற்கும் மொத்த வியாபாரி அதைத் தம் கைப்பேசியில் வைத்திருக்கிறார், அவ்வளவே. தம்மிடம் இல்லாத உரிமையை அவர் சகோதரிக்கு எவ்வாறு கொடுக்க இயலும்?

படம் யாருடையது என்று அறிய எளிய வழியொன்று உண்டு. வியாபாரியிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். எடுத்த நாள் முதலிய குறிப்புகளும் அழிந்துபோகும். அதனால் கோப்பாகவே அனுப்பச் சொல்ல வேண்டும். மூலம் தம்மிடம் இல்லை என்று அவர் மழுப்பினால், படம் அவருடையதன்று என ஐயுறலாம். கூகிள் லென்ஸில் அப்படத்தையே இட்டுத் தேடினால், அது வேறு எந்தெந்தக் கடைகளில் காணப்படுகிறது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உரிமையாளர் அவர்தாம் என்று தெளிந்தபின், அனுமதியை எழுத்தில் பெறுக. மின்னஞ்சல் போதும். எந்தெந்தப் படங்கள், எத்தளங்களில், எத்தனை ஆண்டுகள் என்று அதில் குறிப்பிடச் செய்யுங்கள். காலம் குறிக்காவிடில் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிக்காவிடில் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். வெளிநாட்டுக்கு விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படத்தின் மூலையில் பிறர் பெயர் இருந்தால் அழித்துவிடலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். இது வழு மேல் வழு. உரிமையாளர் யார் எனக் காட்டும் குறிப்பை அறிந்தே, அதிகாரமின்றி நீக்குவது 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தனிக் குற்றம். 2 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. பெயரோடு அப்படியே ஏற்றவும் வழியில்லை. அமேசான் போன்ற தளங்களின் விதிப்படி முதற்படத்தில் எழுத்தோ முத்திரையோ இருத்தல் கூடாது. பின்னணி முழு வெண்மையாக, அதாவது 255, 255, 255 என்ற அளவில் இருத்தல் வேண்டும். பொருள் சட்டத்தின் 85 விழுக்காட்டை நிரப்ப வேண்டும். உடன் தராத பொருள்களையும் அதில் காட்டலாகாது. விளக்கோடு பூத்தட்டும் ஊதுபத்தியும் வைத்து எடுத்த படம் முதற்படத்திற்கு உதவாது.

படவங்கிகளில் விலைக்கு வாங்கலாமே என்றும் கேட்கிறார். வாங்கலாம், ஆனால் அங்குள்ள விளக்கு தாம் விற்கும் விளக்கன்று. அதை விற்பனைப் பொருளாகக் காட்டினால் வாங்குபவரை ஏமாற்றியதாகும். பூசையறைச் சூழலைக் காட்டும் துணைப்படத்திற்குப் பின்புலமாகப் பயன்படுத்தலாம். Editorial Use Only என்ற குறிப்புள்ள படத்தை மட்டும் தொடவேண்டாம். அது செய்திக்கும் கட்டுரைக்கும் உரியது, வணிகத்திற்கன்று.

எம் கருத்தில் சகோதரிக்குச் சிறந்த வழி, தாமே படம் எடுப்பதுதான். பித்தளை கண்ணாடியைப்போல் எதிரிலுள்ள அனைத்தையும் காட்டிவிடும். எடுப்பவரின் சேலை நிறம்கூட விளக்கின் வயிற்றில் தெரியும். எனவே வெயில் நேராக விழாத சன்னலருகே வெண்மையான அட்டையை வளைத்து வைத்து, அதன்மேல் விளக்கை நிறுத்துக. இரு பக்கங்களிலும், எடுப்பவருக்கு முன்னும் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, கைப்பேசிக்கு மட்டும் இடைவெளி விடுக. எடுத்தபின் பின்னணியின் சாம்பல் நிழலை வெண்மையாக்கிக்கொள்ள வேண்டும். நீளமான பக்கம் 1,000 புள்ளிகளுக்குக் குறையாதிருந்தால் வாங்குபவர் பெரிதாக்கிப் பார்க்க இயலும். மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த முறை யாரேனும் உங்கள் படத்தைத் தம்முடையதென்றால், காட்டுவதற்கு அவையே சான்று.