வெள்ளம் வடிந்த மறுநாளே எழுதுங்கள்

கைத்தறி நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தபோது, அச்சங்கம் அடைந்த நஷ்டத்தைப் பற்றிய கடிதங்களைக் காண நேர்ந்தது. சங்கத்தின் பிரீமியம் ஒழுங்காகச் செலுத்தப்பட்டிருந்தது. பாலிசியும் நடப்பில் இருந்தது. எனினும் எதிர்பார்த்த தொகையில் பாதியே கைக்கு வந்தது. இதற்குக் காரணம் கம்பெனியின் வஞ்சனை என்று அங்கத்தினர்கள் கருதினர். கடிதங்களின் தேதிகளோ வேறு கதை கூறின.

ஐப்பசி மழையில் கிடங்கினுள் நீர் புகுந்து 400 கிலோ சிட்ட நூல் நனைந்தது. கிலோ 300 ரூபாய் வீதம் அதன் மதிப்பு 1,20,000 ரூபாய். காரியதரிசி அன்றே தலைவருக்குச் சொன்னார். தலைவரோ, நிர்வாகக் குழு கூடித் தீர்மானித்த பிறகே கம்பெனிக்கு எழுதவேண்டும் என்றார். குழு கூடியது பதினேழாம் நாள். கடிதம் சென்றது பத்தொன்பதாம் நாள். சர்வேயர் வந்து பார்த்தபோது நூல் பூசணம் பிடித்து, தொட்டால் அறும் நிலையில் இருந்தது.

சர்வேயர் கணக்கிட்ட முறையைச் சற்றுக் கவனிப்போம். வெள்ளத்தில் நனைந்த நூலை உடனே பிரித்து உலர்த்தியிருந்தால், மட்டரக நூலாகப் பாதி விலைக்கேனும் விற்றிருக்கலாம். ஆகவே வெள்ளத்தால் நேர்ந்த நஷ்டம் 60,000 ரூபாய். மீதி 60,000 ரூபாய் கவனிப்பாரின்றிக் கிடந்ததால் நேர்ந்த நஷ்டம். முன்னதற்கே பாலிசி பொறுப்பு. பின்னதற்குக் கம்பெனி பொறுப்பன்று. ஏனெனில் நஷ்டம் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமை என்று ஒப்பந்தமே கூறுகிறது. விதிப்படியுள்ள கழிவும் போக, சங்கம் பெற்றது 60,000 ரூபாய்க்கும் குறைவே. மறுநாளே எழுதி, சர்வேயர் பார்வையிட்ட பின் நூலை விற்றிருந்தால், விற்ற பணம் 60,000 ரூபாயும் நஷ்ட ஈடுமாகச் சேர்ந்து முழு மதிப்பையும் ஏறக்குறைய ஈடு செய்திருக்கும்.

அங்கே இன்னொரு இழப்பும் உண்டு. சாயம் பரவிய சேலைகள் சிலவற்றைக் குழு கூடுமுன்பே மலிவு விலைக்குக் கொடுத்துவிட்டனர். புகைப்படமோ எண்ணிக்கைப் பட்டியலோ எடுக்கவில்லை. கண்ணால் காணாத சேலைக்குச் சர்வேயர் எவ்வாறு கணக்கெழுதுவார்? அத்தொகை முழுவதும் தள்ளுபடியாயிற்று.

காலவரையறை இரு வகைப்படும் என்பதை அங்கத்தினர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். நஷ்டம் நேர்ந்த செய்தியை உடனே தெரிவிக்கவேண்டும் என்பது முதலாவது. விவரங்களுடன் கூடிய கோரிக்கையைக் குறித்த நாட்களுக்குள் தரவேண்டும் என்பது இரண்டாவது. பழைய தீ விபத்துப் பாலிசியில் இரண்டாவதற்கு 15 நாட்கள். 2021 ஏப்ரல் முதல் சிறு தொழில்களுக்கு வழங்கப்படும் பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா பாலிசியில் 30 நாட்கள். பலர் இந்த 30 நாட்களையே முதற் செய்திக்கும் உரிய தவணை என்று எண்ணி ஏமாறுகின்றனர்.

‘தாமதத்தை மட்டும் காட்டிக் கோரிக்கையை மறுக்கலாகாதே?’ என்று சிலர் வினவுவர். உண்மைதான். தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமான நியாயமான கோரிக்கைகளை இயந்திரம்போல் நிராகரிக்கலாகாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011-இல் கம்பெனிகளுக்கு எழுதியது. ஆயினும் அக்கட்டளை கோரிக்கையை உயிருடன் வைத்திருக்குமேயன்றி, அழிந்த சாட்சியத்தையும் மக்கிய நூலையும் மீட்டுத் தராது. குழு கூடவில்லை என்பதைத் தவிர்க்க முடியாத காரணமாக எவரும் ஏற்பதற்கில்லை.

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்களுக்குக் காலம் இன்னும் சுருக்கம். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில், அறுத்து வயலில் உலர்த்தியிருக்கும் பயிர் அறுவடையிலிருந்து 14 நாட்களுக்குள் பருவந் தவறிய மழையால் கெட்டால், 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவேண்டும். நெல் மீண்டும் காய்ந்த பிறகு நனைந்ததை நிரூபிப்பது அரிது.

என் கருத்து இதுவே. நஷ்டத்தைத் தெரிவிப்பது கொள்கை முடிவன்று. அதற்குத் தீர்மானம் தேவையில்லை. அடுத்த குழுக் கூட்டத்திலேயே ஒரு நிலைத் தீர்மானம் நிறைவேற்றி, தீயோ வெள்ளமோ திருட்டோ நேர்ந்தால் அன்றே கம்பெனிக்கு எழுதும் அதிகாரத்தைக் காரியதரிசிக்கு அளித்துவிடுங்கள். பாலிசி எண்ணையும் கம்பெனிக் கிளையின் விலாசத்தையும் கிடங்குச் சுவரிலேயே எழுதி வையுங்கள். கடிதத்தில் நஷ்டத் தொகை துல்லியமாக இருக்கவேண்டியதில்லை. நாள், இடம், நேர்ந்தது என்ன என்பவை போதும். அனுப்பியதற்குரிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நனைந்ததைப் படமெடுத்து, எடை குறித்து, தனியே பிரித்து உலர்த்துங்கள். சர்வேயர் பார்க்கும் வரை எதையும் விற்காதீர்கள். தொகையைப் பற்றிய விவாதத்தைக் குழு பின்னர் சாவகாசமாக நடத்திக்கொள்ளலாம்.