துதிக்கை லையும் தொலைந்துபோகும் ஐகாரமும்

பழைய தமிழ் நூல்கள் வருடப்பட்டு, எழுத்துணரி மென்பொருளின் வழியே தேடத்தக்க உரையாக மாறி வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஒரு நூல் முழுவதையும் தட்டச்சு செய்ய மாதங்கள் ஆன காலம் போய், இன்று சில மணித்துளிகளில் முந்நூறு பக்கங்களை உரையாக்கிவிட முடிகிறது. ஆனால் இவ்வாறு கிடைக்கும் உரையை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "ஏறக்குறைய சரியாகத்தான் வந்திருக்கிறது" என்று மின்னூலாக வெளியிட்டுவிடும் போக்கைத்தான் ஏற்க இயலவில்லை. அப்படித் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. கண்ணில் உறுத்தும் பிழைகள் எளிதில் அகப்பட்டுவிடுகின்றன. நல்ல தமிழாகவே மாறிவிட்ட பிழைகள்தாம் எஞ்சி நிற்கின்றன. அவை மூலத்தோடு ஒப்பிட்டாலன்றி ஒருபோதும் அகப்படா.

இதை விளக்க, பழைய அச்சு நூல்களில் மிகுதியாக நேரும் ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1978ஆம் ஆண்டு தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிக்கும்வரை ணை, லை, ளை, னை என்ற நான்கு எழுத்துகளும் இன்றைய வடிவில் பொதுவாக அச்சிடப்படவில்லை. தனியே நிற்கும் இரட்டைச்சுழிக்கு மாறாக, யானைத் துதிக்கை போல் வளைந்த கோடொன்று எழுத்தின் தலையோடு இணைந்து வந்தது. அவ்வாறே ணா, றா, னா ஆகிய மூன்றும், அவற்றின் வழிவந்த ஒகர ஓகார வரிசைகளும், துணைக்கால் இன்றிச் சுழித்த வடிவங்களைப் பெற்றிருந்தன. ஆகப் பதின்மூன்று எழுத்துகள். பெரியார் 1935 முதலே 'குடி அரசு' இதழில் புதிய வடிவங்களைக் கையாண்டார் என்றாலும், பிற அச்சகங்கள் பழைய வடிவங்களையே கையாண்டு வந்தன. ஆணைக்குப் பிறகும் கையில் இருந்த ஈய எழுத்துகளை அச்சகங்கள் உடனே உருக்கிவிடவில்லை. ஆகையால் எண்பதுகளின் நூல்களிலும் பழைய வடிவங்களைக் காணலாம்.

எழுத்துணரி பெரும்பாலும் இக்கால எழுத்துருக்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. துதிக்கை வடிவ லையைக் காணும்போது, தான் அறிந்த எழுத்துகளுள் அதற்கு மிக நெருக்கமானதைத் தேடுகிறது. அது லே. எனவே 'தலை' என்பது 'தலே' ஆகிறது. 'பிள்ளை' என்பது 'பிள்ளே' ஆகிறது. அதே முறையில் பழைய றாவை ரு என்று கொண்டு, 'என்றான்' என்பதை 'என்ருன்' என்றும், பழைய னாவை ளு என்று கொண்டு, 'ஆனால்' என்பதை 'ஆளுல்' என்றும் தருகிறது.

இப்போது ஒரு சிறு பத்தியை எடுத்துக்கொள்வோம். விளக்கத்திற்காக நானே அமைத்தது இது. நூலில் இவ்வாறு அச்சாகியிருப்பதாகக் கருதுவோம்: "காவலன் அவனைப் பிடித்தான். தலைவன் அவனை விடுவித்தான். வேலை முடிந்தது என்றான்." எழுத்துணரியின் கையில் அது இவ்வாறு வந்து சேரும்: "காவலன் அவனேப் பிடித்தான். தலேவன் அவனே விடுவித்தான். வேலே முடிந்தது என்ருன்."

'தலேவன்', 'என்ருன்' என்பன சொற்களே அல்ல. எந்தச் சொற்பிழை திருத்தியும் அவற்றைச் சிவப்புக் கோடிட்டுக் காட்டிவிடும். 'வேலே' சற்றுச் சிக்கலானது. வேல் என்பதோடு ஏகாரம் சேர்ந்தால் அது முறையான தமிழ்ச்சொல். நல்ல பிழைதிருத்தி அதைப் பிழையென்று சொல்லாது. படிப்பவரின் மொழியறிவுதான் சொல்ல வேண்டும்.

'அவனேப் பிடித்தான்' என்பதில் பிழையைக் காட்டிக்கொடுப்பது இலக்கணம். இரண்டாம் வேற்றுமை உருபு விரிந்து வரும்போது அதன்பின் வல்லினம் மிகும். தேற்றப்பொருளில் வரும் ஏகாரத்தின்பின் மிகாது. எனவே 'அவனேப்' என்பதன் கடைசியில் நிற்கும் அந்தப் பகர ஒற்று, "எனக்கு முன்னே இருந்தது ஐகாரம்" என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒற்று மிகுதலைப் பேணிய பழைய பதிப்புகளுக்கு நாம் இவ்வகையில் கடன்பட்டிருக்கிறோம். இத்தகைய இடங்களை ஒரு கோவையைக் கொடுத்து நூல் முழுவதிலும் தேடிவிடலாம்:

```
[ணலளன]ே[கசதப]்\s
```

எஞ்சியிருப்பது இரண்டாம் வாக்கியம். 'தலேவன்' என்பதைத் திருத்தியபின் "தலைவன் அவனே விடுவித்தான்" என்று அது நிற்கிறது. இதில் என்ன குறை? எழுத்து சரி, சொல் சரி, புணர்ச்சியும் சரி; வகரம் இடையின எழுத்தாதலால் அங்கே ஒற்று மிகவும் வழியில்லை, சாட்சி சொல்லவும் ஆளில்லை. தலைவன் தானே முன்வந்து விடுவித்தான் என்று வாசகர் பொருள் கொள்வார். அந்த நடையை இரசிக்கவும் கூடும். ஆசிரியர் எழுதியதோ வேறு. யாரை விடுவித்தான் என்று சொல்லவந்த வாக்கியம், யார் விடுவித்தான் என்று சொல்லும் வாக்கியமாக மாறிவிட்டது. பெண்ணை, பெண்ணே; கண்ணை, கண்ணே; நாளை, நாளே என்று இவ்வாறு இருவழியும் பொருள் தரும் சொற்கள் தமிழில் ஏராளம். கவிதையில் இன்னும் மோசம். செயப்படுபொருளாக நின்ற பெண், விளியாக மாறிக் கவிஞர் அவளை நேரே அழைப்பதுபோல் ஆகிவிடும். உரையாசிரியர்கள் அதற்கும் நயம் கண்டுவிடக்கூடும்!

'னே' என்று வரும் இடங்களையெல்லாம் ஒரே கட்டளையில் 'னை' என்று மாற்றிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். மாற்றினால் 'தானே' 'தானை' ஆகிவிடும். 'முன்னேற்றம்' 'முன்னைற்றம்' ஆகும். லே, ளே என்பவற்றையும் அவ்வாறே மாற்றினால் 'மேலே', 'உள்ளே' எல்லாம் உருக்குலையும். ஒரு பிழையை நீக்கப்போய் அதற்கு நேர்மாறான பிழையை நூல் முழுவதும் விதைப்பதே இதன் பயன்.

ஒரே கட்டளையில் அச்சமின்றி மாற்றத்தக்கவையும் உண்டு. ர் என்பதைத் துணைக்காலும் புள்ளியுமாக எழுத்துணரி படிப்பது அவற்றுள் ஒன்று. 'அவர்' என்பது 'அவா்' என்று வரும். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. ஆனால் கணினிக்குள் அவை வெவ்வேறு குறியீடுகள். ஆகையால் 'அவர்' என்று தேடுபவருக்கு அந்த இடம் கிடைக்காமலே போகும். 'சேர்ந்து' என்பது 'சோ்ந்து' என்று ஓகாரமாகிப் புள்ளி பெறுவதும் இதே வகை. உயிர்மெய்க் குறிக்கு மேல் புள்ளி வருவது தமிழில் எங்கும் இயலாது. எனவே இந்த மூன்று வரிகளை நம்பிக்கையோடு ஓட்டலாம்:

```
t = t.replace("\u0bcb\u0bcd", "\u0bc7\u0bb0\u0bcd")
t = t.replace("\u0bca\u0bcd", "\u0bc6\u0bb0\u0bcd")
t = t.replace("\u0bbe\u0bcd", "\u0bb0\u0bcd")
```

தமிழில் வரவே முடியாத சேர்க்கையை எந்திரம் மாற்றலாம். வரக்கூடிய சேர்க்கையை எந்திரம் அடையாளமிட்டுக் காட்டலாம், மாற்றக்கூடாது. இதுவே என் கட்சி. ணே, லே, ளே, னே வரும் ஒவ்வோர் இடத்தையும் மஞ்சள் பூசி வைத்துக்கொண்டு, பக்கப் படத்தைப் பார்த்து மனிதர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

இதில் வேலைகளின் வரிசை முக்கியமானது. பலரும் முதலில் சந்திப்பிழைகளைக் களையத் தொடங்குகிறார்கள். "அவனேப் பிடித்தான்" என்ற இடத்தில் ஒற்று மிகையாக இருக்கிறதே என்று, இலக்கணம் அறிந்த ஒருவரே அந்தப் பகர ஒற்றை நீக்கிவிடுவார். "அவனே பிடித்தான்" என்று வாக்கியம் ஒழுங்காகிவிடும். இருந்த ஒரே சாட்சியும் கொலையுண்டுபோகும். அதன்பின் எந்தக் கோவையைக் கொண்டு தேடினாலும் அந்த இடம் வராது. ஆகவே மூலத்தோடு ஒப்பிட்டு முடிக்கும்வரை உரையில் எதையும் 'செம்மைப்படுத்த'க் கூடாது. வரிகளைச் சேர்த்துப் பத்தியாக்குவதையும் ஒத்திப்போடுவது நல்லது. அச்சில் உள்ளவாறே வரி முறிந்து நின்றால், படத்தில் ஏழாம் வரி உரையிலும் ஏழாம் வரியாகவே இருக்கும், கண் வழிதவறாது.

ஒப்பிடும் முறையிலும் பழைய அச்சகத்தாரிடம் கற்க வேண்டியது உண்டு. ஒருவர் மூலப்படியை உரக்கப் படிக்க, மற்றொருவர் அச்சுப்படியில் விரல் வைத்துத் தொடர்ந்து வந்து மெய்ப்புத் திருத்துவார். தனியே படிக்கும்போது நம் கண் எழுத்தைப் பார்ப்பதில்லை, எதிர்பார்த்த சொல்லைப் பார்க்கிறது. நிறையப் படித்தவருக்கே இந்த ஆபத்து அதிகம். அவர் உரையை முதலில் படித்துப் பொருள் கொண்டுவிட்டால், பிறகு படத்திலும் அதையே காண்பார். ஆகையால் முதலில் படத்தின் வரியைப் படித்து, பிறகு உரையின் வரியைப் பார்ப்பதே சரியான திசை. விக்கிமூலத்தில் இதற்கோர் ஒழுங்கு அமைந்திருக்கிறது. ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள் நிறம் பெறும்; வேறொருவர் மீண்டும் ஒப்பிட்ட பின்னரே பச்சையாகும். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க மென்பொருள் இடந்தராது.

இவ்வளவு செய்தாலும் தீராத இடங்கள் சில இருக்கும். மை தேங்கிச் சுழி அடைபட்டு, துதிக்கையா இரட்டைக்கொம்பா என்று படத்திலேயே தெரியாமல் போகலாம். அத்தகைய இடத்தில் வேறொரு படியைத் தேடிப் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஐயம் என்று குறித்துவைக்க வேண்டும். ஊகத்தைப் பாடமாக்குவது தவறு. அச்சிலேயே உள்ள பிழைக்கும் இதே நீதிதான். அதை அப்படியே வைத்துக் குறிப்பு எழுதலாம்.

பழைய வடிவங்களைப் புதிய வடிவில் தருவது மூலத்தை மாற்றுவதாகாதா என்று ஒரு கேள்வி எழலாம். ஆகாது. ஒருங்குறியில் துதிக்கை லைக்குத் தனி இடமில்லை. இரண்டும் ஒரே லைதான். எந்த வடிவில் தோன்றுவது என்பது எழுத்துருவின் வேலை. லை லேயாவதுதான் மாற்றம்.

ஒரு மின்னுரை வெளியானதும் அது பத்து இடங்களுக்குப் படியெடுக்கப்படுகிறது, ஆய்வேடுகளில் மேற்கோளாகிறது. மூலநூலின் தாளோ தொட்டால் உதிரும் நிலையில் நூலகத்தில் கிடக்கிறது. எனவே மின்னுரை வெளியிடும் ஒவ்வொருவரிடமும் மூன்று செய்திகளைக் கேட்கிறேன்: எந்த ஆண்டின் எந்தப் பதிப்பு, எத்தனை பேர் மூலத்தோடு ஒப்பிட்டார்கள், பக்கப் படங்கள் எங்கே கிடைக்கும். முதற்பக்கத்தில் மூன்று வரிகள் போதும். ஒப்பிடப்படவில்லை என்றால் அதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். 'அவனே' என்று படிக்கும் வாசகர், ஐயம் வந்தால் படத்தைத் திறந்து பார்த்துக்கொள்வார்.