‘லிமிட்டை ஏத்திக் கொடுங்க சார்!’ – பேங்க் மேனேஜர் முதலில் எதைப் பார்ப்பார்?

பெரும்பாக்கத்தில் ஒரு பெண்மணி தையல் யூனிட் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓ.எம்.ஆர். பக்கத்து கம்பெனிகளின் ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறார். துணிக்காரருக்கு உடனே பணம் தர வேண்டும். கம்பெனிகளோ இரண்டு மாதம் கழித்துத்தான் தருகின்றன. கையில் இருக்கும் 8 லட்ச ரூபாய் கேஷ் கிரெடிட் லிமிட் பத்தவில்லை.

‘‘சார், கொஞ்சம் ஏத்திக் கொடுங்க’’ என்று மட்டும் கேட்டால், ரிலேஷன்ஷிப் மேனேஜர் சிரித்துவிட்டு, ‘‘பார்க்கலாம்மா’’ என்பார். லிமிட்டைக் கூட்டும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இல்லை. அவர் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்புவார், அவ்வளவுதான். அந்தக் குறிப்புக்கான எண்களை நாமே கையில் கொடுத்துவிட்டால் அவருக்கும் வேலை சுலபம்.

முதலில் விற்பனை. சிறு தொழில்களுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவிகிதத்தை நடைமுறை மூலதனக் கடனாகத் தரலாம் என்பது, பி.ஆர். நாயக் கமிட்டி 1992-ல் சொன்ன கணக்கு. வங்கிகள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன. நம் தையல் யூனிட்டின் ஜி.எஸ்.டி. கணக்குப்படி, போன வருட விற்பனை 60 லட்சம். இந்த வருடம் ஆறு மாதத்திலேயே 36 லட்சம். வருடத்துக்கு 72 லட்சம் என்றால், 20 சதவிகிதம் 14.4 லட்சம்.

உடனே 14 லட்சம் கேட்டுவிடக் கூடாது. ‘டிராயிங் பவர்’ என்று இன்னொரு கணக்கு இருக்கிறது. துணி ஸ்டாக் 6 லட்சம், வர வேண்டிய பாக்கி 13 லட்சம், துணிக்காரருக்குத் தர வேண்டியது 3 லட்சம். கூட்டிக் கழித்தால் 16 லட்சம். அதில் கால் பங்கு நம் பொறுப்பு என்று வங்கி கழித்தால், மிச்சம் 12 லட்சம். லிமிட் எவ்வளவு இருந்தாலும் எடுக்க முடிந்தது அவ்வளவுதான். எனவே, கேட்க வேண்டியதும் 12 லட்சமே. ரொம்ப நாள் வராத பழைய பாக்கியை வங்கி இந்தக் கணக்கில் சேர்க்காது என்பதையும் மறக்கக் கூடாது.

சிக்கல் வருகிற இடம் வேறு. ஆறு மாத விற்பனை 36 லட்சம் என்கிறோம். கடன் கணக்கில் வரவானதோ 26 லட்சம்தான். ‘மீதி எங்கே?’ என்றுதான் மேனேஜர் கேட்பார். 6 லட்சம் வேறொரு வங்கியின் கியூஆர் கோடு வழியாகப் போயிருக்கிறது, 4 லட்சம் இன்னும் வரவில்லை என்றால், அந்த வங்கியின் ஸ்டேட்மென்ட்டையும் பாக்கிப் பட்டியலையும் முன்பே இணைத்துவிட வேண்டும். இனி எல்லா வசூலையும் இந்தக் கணக்குக்கே மாற்றுவது இன்னும் நல்லது.

அடுத்து, திருப்பிக் கட்டிய பழக்கம். மாதக் கடைசியில் ஏறும் வட்டியை அடைக்கிற அளவுக்கு வரவு இருந்ததா, லிமிட்டைத் தாண்டி எடுத்தோமா, செக் திரும்பியதா, ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தேதி தவறாமல் போனதா என்று பார்ப்பார்கள். கணக்கு ஏறி இறங்க வேண்டும். எப்போதும் 8 லட்சத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், பணம் எங்கேயோ முடங்கிவிட்டது என்றே அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். தொடர்ந்து 90 நாள் லிமிட்டைத் தாண்டியே நின்றால், அது வாராக்கடன்! ஒரு செக் திரும்பியிருந்தால், எந்தத் தேதி, என்ன காரணம், எப்போது கட்டினோம் என்று நாமே சொல்லிவிடலாம். எப்படியும் ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது.

எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். ‘இப்போது முடியாது’ என்றால், கையிலிருக்கும் ஆர்டரைக் காட்டி, சில மாதங்களுக்கு மட்டும் ‘அட்ஹாக் லிமிட்’ கேட்டுப் பார்க்கலாம். யூனிஃபார்ம் பணம் வந்ததும் அதை அடைத்துவிட்டு, அடுத்த ரினீவல் சமயத்தில் அதே பக்கத்தைப் புது எண்களுடன் நீட்டலாம்.