ஒழுகும் கூரையும் முழு வாடகையும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய நாளிலிருந்து ஆறு வாரங்களாகப் படுக்கையறையின் மேற்கூரை ஒழுகிக்கொண்டிருக்க, நேரிலும் கைப்பேசியிலும் பலமுறை முறையிட்டும் யாதொரு பலனும் காணாத சென்னைக் குடித்தனக்காரர் ஒருவர், கடைசியில் தம் வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதத்தின் நகலையும், அதற்கு வந்த பதிலையும் ஒரு நண்பர் என்னிடம் காட்டினார். கடிதம் ஒன்றரைப் பக்கம். பதிலோ இரண்டே வாக்கியங்கள். "வாடகையைக் குறைப்பதாவது, இது என்ன புது வழக்கம்? இஷ்டமில்லையென்றால் காலி செய்துகொள்ளலாம்." கூரையைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு சொல்லும் இல்லை. பழுது பார்த்துத் தரும்படி கேட்டதைச் சகித்துக்கொண்ட அந்த மனிதருக்கு, வாடகையைப் பற்றிய பிரஸ்தாபம் மட்டும் சகிக்கவில்லை என்பதே என்னை இதை எழுதத் தூண்டியது.

புது வழக்கம் என்கிறாரே, அதையே முதலில் பார்த்துவிடுவோம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், குத்தகைக்கு விட்டவர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுகளை, அறிவிப்புக் கிடைத்தபின் நியாயமான காலத்துக்குள் செய்யாமல் அலட்சியம் செய்வாரானால், குடியிருப்பவர் தாமே அவற்றைச் செய்து, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லுகிறது. வட்டியோடு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆனால் அந்த உபகாரத்தில் ஒரு வஞ்சனையும் கலந்திருந்தது. பழுது பார்க்கும் கடமை இன்னாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், வீட்டுக்காரருக்கு அந்தக் கடமை தானாக வந்துவிடுவதில்லை. கையில் ஒப்பந்தமே இல்லாமல் குடிபுகுந்தவர்களுக்கு அந்த வட்டியினால் விளைந்த லாபம் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

பிறகு வந்தது 1960-ஆம் ஆண்டின் கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது குடித்தனக்காரருக்குக் கவசம் என்று இன்றளவும் பலர் பெருமூச்சோடு நினைவுகூருகிறார்கள். கூரை விஷயத்தில் அந்தக் கவசம் எவ்வளவு மெலிந்தது என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அச்சட்டப்படி குடியிருப்பவர் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுச் செய்து, அவர் உத்தரவிட்ட பிறகே பழுது பார்க்கலாம். அப்போதும் ஓராண்டில் கழிக்கத்தக்க தொகை அவ்வாண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டமோ, இந்த இரண்டு குறைகளையும் ஒருங்கே நீக்க முயன்றது. கட்டடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுதுகள், குடியிருப்பவரால் விளைந்த சேதம் நீங்கலாக, வீட்டுக்காரரைச் சேர்ந்தவை என்று அட்டவணை போட்டே சொல்லிவிட்டது; அவர் மறுத்தால் குடியிருப்பவர் வேலையைச் செய்வித்து, எந்த ஒரு மாதத்திலும் வாடகையில் ஐம்பது விழுக்காட்டுக்கு மேற்படாமல் கழித்துக்கொள்ளலாம் என்றது.

இந்த வேறுபாட்டை நம் குடித்தனக்காரரின் கணக்கிலேயே வைத்துப் பார்க்கலாம். அவர் மாத வாடகை 18,000 ரூபாய். கைப்பிடிச் சுவரை ஒட்டிய தட்டோடுகளைப் பெயர்த்து, அடியிலுள்ள சுண்ணாம்புக் காரையை எடுத்து, புதிதாகப் பதித்துப் பூசக் கொத்தனார் எழுதிக்கொடுத்த மதிப்பீடு 24,000. பழைய 1882 ஏற்பாட்டில், கடமை ஒப்பந்தத்தில் இருந்திருந்தால், இரண்டே மாத வாடகையில் அது வட்டி நீங்கலாக அடைந்திருக்கும். 1960 சட்டத்தில் ஆண்டு வாடகை 2,16,000-இல் பன்னிரண்டில் ஒரு பங்கு 18,000 தான். ஆகவே மிச்சம் 6,000 ரூபாய்க்காக அவர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். இப்போதைய சட்டத்தில் மாதம் 9,000, மறுமாதம் 9,000, மூன்றாம் மாதம் 6,000 என்று தீர்ந்துவிடுகிறது. ஓராண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் இன்றைய வரம்பு பழைய வரம்பைப்போல் ஆறு மடங்கு. இத்தகைய ஆயுதத்தை வைத்துக்கொண்டு குடித்தனக்காரர்கள் ஏன் இன்னும் வாளியை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

அதற்கு ஒரு விடை, அவர்கள் எழுதும் கடிதங்களின் குணத்திலேயே இருக்கிறது. இந்தக் கடிதமும் "தாங்கள் தயவுசெய்து" என்று தொடங்கி, குழந்தையின் சளியையும் நனைந்த மெத்தையையும் உருக்கமாக வர்ணித்து, "ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்று முடிகிறது. எந்தத் தேதியில் ஒழுகத் தொடங்கியது, எந்த இடத்தில், எத்தனை நாளில் பழுது பார்க்க வேண்டும், தவறினால் தாம் என்ன செய்யப்போகிறார் என்பவை எதுவும் அதில் இல்லை. மதிப்பீட்டுத் தாள் கையில் இருந்தும் இணைக்கப்படவில்லை. சட்டம் கேட்பது எழுத்து மூலமான அறிவிப்பும் நியாயமான அவகாசமும். இரக்கத்தை அது கேட்கவே இல்லை.

ஒழுக்கின் காரணத்தையும் எழுதுகிறவர் அறிந்திருக்க வேண்டும். மழை பெய்தால் ஒழுகி, மழை நின்ற இரண்டொரு நாளில் அடங்குமானால் குற்றம் மொட்டைமாடியில். வெயில் காலத்திலும் ஈரம் மாறாமல் இருக்குமானால் மேலே இருப்பது குளியலறையோ குழாயோ, அதைத் தேட வேண்டும். இவர் இருப்பது மேல்மாடி. தலைக்குமேல் மொட்டைமாடியைத் தவிர வேறில்லை. தட்டோடுகளின் இணைப்பு வெடித்திருந்தால் நீர் அடியிலுள்ள காரையில் தேங்கி, நெடுந்தூரம் பரவி, வேறோர் இடத்தில் சொட்டுமாகையால், சொட்டும் இடத்துக்கு நேர்மேலே மட்டும் சிமெண்ட் பூசுவது வீண். மழைநீர்க் குழாயின் வாயை இலையும் சருகும் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அதன்பின் வானம் வெளுத்ததும் அந்த வாயைத் துணியால் அடைத்து, இரண்டு விரற்கடை நீரை ஒரு நாள் முழுவதும் நிறுத்திக் கீழே கவனித்தால் சந்தேகத்துக்கு இடமிராது.

இதற்கு மாறாக நம் வீட்டுக்காரர்கள் கண்ட வைத்தியம் கீழிருந்து பட்டியும் வெள்ளையும் அடிப்பது. சென்ற ஆண்டு இந்த வீட்டிலும் அதுதான் நடந்தது. மேலிருந்து நீர் வரும் வழி திறந்தே இருக்க, வெளியே தெரிந்த கறையை மட்டும் மறைத்தார்கள். உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டே போகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடிப்பதாகையால், அது பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள சிமெண்டை நெட்டித் தள்ளுகிறது. பழுப்பு வளையம், பிறகு வெள்ளை உப்புப் பூச்சு, பிறகு கோலால் தட்டினால் பொள்ளென்ற ஓசை, கடைசியில் பாளம் பாளமாகக் காரை விழுதல் என்பதே இந்த நோயின் கிரமம். மூன்றாவது நிலைக்கு வந்துவிட்ட கூரையின் கீழ் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்க, "மழை நிற்கட்டும், பார்க்கலாம்" என்று ஒருவர் சொல்லுவாரானால், அவர் யாருடைய தலையை வைத்துப் பொறுமை காட்டுகிறார்?

மழையில் தட்டோடு பதிக்க முடியாது என்பது வாஸ்தவந்தான். குழாய் வாயைச் சுத்தம் செய்யவும், வெடிப்பின் மேல் தார்ப்பாய் விரித்துக் கல் வைக்கவும், ஒரு கொத்தனாரை அழைத்து வந்து காட்டவும் மழை எப்போது தடையாயிற்று? குடித்தனக்காரர்களே வீட்டைக் கெடுக்கிறார்கள், கழிக்கும் உரிமை கொடுத்தால் பொய்க் கணக்கு எழுதுவார்கள் என்ற வாதத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். மொட்டைமாடியின் சாவியை வீட்டுக்காரரே இடுப்பில் செருகிக்கொண்டிருக்கும் இந்த ஊரில் அதற்குப் பதில் சொல்வது காலவிரயம்.

உண்மைக் காரணம் வேறு, அது முன்பணம். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்ல, சென்னையில் பத்து மாத முன்பணம் இன்றும் சர்வ சாதாரணம். சட்டப்படி 54,000 கொடுத்திருக்க வேண்டிய நம் குடித்தனக்காரர் 1,80,000 கொடுத்திருக்கிறார். அவர் கழிக்கக்கூடிய 24,000-ஐப் போல் ஏழரை மடங்கு, எதிராளியின் பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறது. காலி செய்யும் நாளில் "வெள்ளையடிக்க, பெயிண்ட் அடிக்க" என்று அதிலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்ற தைரியமே அந்த இரண்டு வாக்கியப் பதிலை எழுதிற்று. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்ற விதியை மீறுவதும் பெரும்பாலும் இதே தைரியத்தினால்தான்.

கடிதத்தைத் திரும்ப எழுத வேண்டும் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். அதில் இரண்டு கோரிக்கைகள் தனித்தனியே நிற்க வேண்டும். முதலாவது, பழுது: தேதி, இடம், புகைப்படம், மதிப்பீடு ஆகியவற்றை இணைத்து, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, தவறினால் தாமே செய்வித்து மாதம் 9,000 வீதம் கழிப்பதாக அறிவித்தல். இரண்டாவது, அனுபவிக்க முடியாத அறைக்கான குறைப்பு: 600 சதுர அடி வீட்டில் 120 சதுர அடி அறை பயன்படவில்லையென்றால் அது ஐந்தில் ஒரு பங்கு, மாதம் 3,600, ஒன்றரை மாதத்துக்கு 5,400. முன்னதைச் சட்டத்தின் பலத்தில் கழிக்கலாம். பின்னதைக் கேட்கலாமே தவிர, வீட்டுக்காரர் இசையாமலோ வாடகை அதிகாரியின் உத்தரவு இல்லாமலோ தானாகப் பிடித்துக்கொள்ளலாகாது. கோபத்தில் வாடகையையே நிறுத்திவிடுவது எல்லாவற்றிலும் கேடு. இரண்டு மாதப் பாக்கி விழுந்தால் வெளியேற்றக் கேட்கும் உரிமையை அதே சட்டம் வீட்டுக்காரருக்குக் கொடுத்திருக்கிறது. கடிதத்தை ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்பி, நகலை வைத்துக்கொண்டு, அதன்பின் வாடகையை வங்கி வழியே மட்டும் செலுத்த வேண்டும்.

இவ்வளவு சாமர்த்தியத்தை ஒரு சாதாரணக் குடும்பத்திடம் எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். குடித்தனக்காரர் தம் கைப்பணத்தை முதலில் செலவழித்து, பிறகு மாதாமாதம் கழித்துக்கொள்ளட்டும் என்பது, ஒழுகும் வீட்டில் இருப்பவரையே வீட்டுக்காரருக்குக் கடன்கொடுப்பவராக்குகிறது. அதுவும் 1882-இல் கிடைத்த வட்டிகூட இல்லாமல். ஆகவே சட்டத்தைத் திருத்த வேண்டும். எழுத்து மூலமான அறிவிப்புச் சேர்ந்த முப்பதாம் நாள் வேலை தொடங்கியிராவிட்டால், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் வாடகை பாதியாகட்டும். மூன்று மாதத்துக்கு மேல் வாங்கிய முன்பணம் முழுவதும் அன்றே திரும்பட்டும். இந்த இரண்டு விதிகளும் அமலுக்கு வரும் ஆண்டில், ஐப்பசி பிறக்கும் முன்னே சென்னையின் மொட்டைமாடிகள் அத்தனையிலும் கொத்தனார்கள் ஏறியிருப்பார்கள் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.